மாமாவின் காணாக்கடி

மாமாவுக்கு உடம்பில் கொப்புளம் போட ஆரம்பித்தது போன வருஷம் ஆடி மாதத்தில். முதலில் தொடையில் இரண்டு வந்தன. பிறகு கையிலும் வயிற்றிலும் பரவின. ஒவ்வொன்றும் நீர் கோத்து, புளியங்கொட்டை அளவுக்கு உப்பி நின்றது. அம்மை என்று நினைத்து அத்தை வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். மூன்று வாரமாகியும் அடங்காததால் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். 'புல்லஸ் பெம்ஃபிகாய்டு' என்று முடிவு வந்தது. வயதானவர்களுக்கு வரும் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் தோலை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது.

"பயப்பட ஒண்ணுமில்லை பெரியவரே, ஸ்டீராய்டு கொடுத்தா கட்டுப்படும்" என்று சொன்ன டாக்டர், பிரெட்னிசலோன் 30 மில்லிகிராம், தினமும் காலை உணவுக்குப் பின் என்று சீட்டு எழுதினார்.

மருந்து சரி, அளவும் சரி. அந்த நோய்க்கு அதுதான் வழக்கமான சிகிச்சை. ஆனாலும் சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், சீட்டோடு சேர்த்து வைத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாள். அதில் ஈசினோபில் 17 சதவிகிதம் என்று இருந்தது. சாதாரணமாக 6 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டிய வெள்ளை அணு அது.

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் 26 வருஷமாக மைக்ராஸ்கோப் பார்ப்பவள். மலம், சளி, சிறுநீர்தான் என் உலகம். வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் யாரும் வேலையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்! ஆனால், அந்த மைக்ராஸ்கோப்பில் பல வருஷங்களுக்கு முன் பார்த்த ஒரு காட்சிதான் அன்று என்னை மாத்திரை வாங்கவிடாமல் தடுத்தது.

அது ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி. வயது ஐம்பதுக்குள்தான் இருக்கும். மூச்சிரைப்பு என்று உள்ளூரில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஆஸ்துமா என்று முடிவு செய்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். முதல் சில நாள் நன்றாக இருந்திருக்கிறது. பிறகு இரைப்பு இன்னும் அதிகமானது. உடனே மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மருந்துக் கடையிலும் பழைய சீட்டைக் காட்டி அவரே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு மாதம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது வயிறு கல்லாக வீங்கியிருந்தது. வாந்தி, காய்ச்சல், சளியில் ரத்தக் கோடு. தொப்புளைச் சுற்றிச் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள், யாரோ மை தொட்ட விரலை அழுத்தி அழுத்தி எடுத்ததுபோல. அவர் மனைவி அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டி, "இது என்னன்னு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டி.பி-யாக இருக்குமோ என்று சளியை எங்களிடம் அனுப்பினார்கள். சாயமேற்றிய ஸ்லைடில் டி.பி கிருமி இல்லை. ஆனால், ஓரத்தில் நூல் துணுக்கு மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. தூசியாக இருக்கும் என்று விட்டுவிடலாம். அன்றைக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. மீதியிருந்த சளியில் ஒரு துளி எடுத்து, சாயமில்லாமல் உப்புத் தண்ணீரில் கலந்து வைத்துப் பார்த்தேன்.

நெளிந்தது. ஒன்றல்ல. பார்வை வட்டத்தை நகர்த்த நகர்த்த, அரை மில்லிமீட்டர் நீளத்தில் புழுக்குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. ஒரு மனிதரின் நுரையீரலில் இருந்து வந்த சளியில்! எங்கள் மைக்ரோபயாலஜி மேடம் ஓடிவந்து பார்த்து, வால் நுனி மீன் வால்போல லேசாகப் பிளந்திருப்பதைக் காட்டினார். "ஸ்ட்ராங்கிலாய்டெஸ்" என்றார். உடனே வார்டுக்குப் போன் போட்டார்.

ஐவர்மெக்டின் மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆனால், குடல் அசைவே நின்றுபோயிருந்ததால் மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்த மருந்து உள்ளே சேரவில்லை. மறுநாள் ரத்தத்தில் ஈ-கோலை கிருமி வளர்ந்திருப்பதாக கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. நான்காவது நாள் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவருடைய பழைய சீட்டுகளைப் புரட்டினோம். அதில் ஒரு தாளை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை. ஈசினோபில் 14 சதவிகிதம். பக்கத்திலேயே 'அல்பெண்டசோல் ஒன்று' என்று எழுதியிருந்தது. பூச்சி என்று சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆனால், இந்தப் பூச்சிக்கு ஒரு வேளை அல்பெண்டசோல் போதாது. பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்று பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். உருண்டைப் புழுவுக்கும் கொக்கிப் புழுவுக்கும் நன்றாக வேலை செய்யும். இதற்கு மட்டும் பிடி கொடுக்காது.

இந்தப் புழு மற்ற புழுக்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைச் சொன்னால்தான் என் பயம் புரியும்.

குடலில் வாழும் மற்ற பெரிய புழுக்கள் பெரும்பாலும் நமக்குள்ளேயே பெருகுவதில்லை. அவை முட்டை போடும். முட்டை மலத்தோடு வெளியே போய், மண்ணில் கிடந்து பக்குவப்பட்டு, திரும்ப நம் உடம்புக்குள் வந்தால்தான் அடுத்த தலைமுறை. உள்ளே இருக்கும் புழு வயதாகிச் செத்துவிடும். புதிதாக வராவிட்டால் சில வருஷங்களில் வயிறு சுத்தமாகிவிடும். செருப்புப் போட்டு, கழிப்பறை கட்டிய வீடுகளில் கொக்கிப் புழு மெல்ல மறைவது இதனால்தான்.

ஸ்ட்ராங்கிலாய்டெஸ் கதை வேறு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடக்கும்போது குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே வருகிறது. ரத்தம் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் ஏறி, சளியோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலுக்கு வந்துசேர்கிறது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்த பெண் புழு குடல் சுவருக்குள் புதைந்துகொள்கிறது. ஆண் தேவையில்லை. தனியாகவே முட்டையிடும். முட்டை வெளியே போவதற்குள் குடலிலேயே பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை மலத்தோடு போய்விடும். ஆனால், கொஞ்சம் பேர் போகிற வழியிலேயே வளர்ந்து, துளைக்கும் சக்தி பெற்றுவிடுகிறார்கள். அவர்கள் பெருங்குடல் சுவரையோ, ஆசனவாய்ப் பக்கத்துத் தோலையோ துளைத்து மறுபடி உள்ளே நுழைந்து, அதே நுரையீரல், அதே குடல் என்று சுற்றி வருகிறார்கள். மண்ணே தேவையில்லை. வெளியிலிருந்து ஒரு புழுகூட வராமல், தன்னைத்தானே தொற்றவைத்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு.

இதற்கு எவ்வளவு ஆயுள்? இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் சயாம் - பர்மா ரயில் பாதை போட்ட கதை நமக்குத் தெரியும். 1942-43 காலத்தில் மலேயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். அதே சேற்றில் பிரிட்டிஷ் போர்க் கைதிகளும் வெறுங்காலோடு வேலை செய்தார்கள். உயிர் பிழைத்து ஊர் திரும்பிய அந்தக் கைதிகளை 1970-களில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது, பலருக்கு இந்தப் புழு உள்ளேயே இருந்தது. 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளிரும் இங்கிலாந்து மண்ணில் புதிதாகத் தொற்ற வழியில்லை. ஒரே பதில்தான்... புழு அவர்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறது. அவர்களில் பலர் சொன்ன ஒரே தொந்தரவு, இடுப்பிலும் பின்பக்கத்திலும் அவ்வப்போது தோன்றும் அரிப்புக் கோடு. தோலுக்கடியில் குஞ்சு ஓடும் தடம் அது. ஒரு மணி நேரத்துக்குப் பத்து சென்டிமீட்டர்வரைகூட ஓடும். ஓரிரு நாளில் மறைந்துவிடும்.

இத்தனை வருஷமும் அவர்களைக் கொல்லாமல் விட்டது எது? ஈசினோபிலும் அதன் கூட்டாளிகளும்தான். உடம்பு புழுவை ஒழிக்க முடியாமல் போனாலும், எண்ணிக்கையை மீறவிடாமல் காவல் காக்கிறது. உள்ளே திரும்ப நுழைகிற குஞ்சுகளில் பெரும்பாலானவற்றைத் தீர்த்துக்கட்டிவிடுகிறது. களை முழுக்க ஒழியவில்லை, ஆனால் தினமும் ஆள் இறங்கிப் பறிக்கிற வயல் மாதிரி.

ஸ்டீராய்டு என்பது அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் மருந்து. அதற்காகத்தான் கொடுக்கிறோம். மாமாவின் தோலைத் தாக்கும் படையை அடக்க வேண்டுமல்லவா? ஆனால், அடங்குவது அந்தப் படை மட்டுமில்லை. காவல் போனதும் திரும்ப நுழைகிற குஞ்சுகள் நூறு, ஆயிரம், லட்சம் என்று பெருகுகின்றன. ஸ்டீராய்டு, புழு தோலுரித்து வளரத் தூண்டும் ஹார்மோன்போலவே வேலை செய்து, குஞ்சுகளைச் சீக்கிரம் முதிரவைக்கிறது என்ற சந்தேகமும் ஆராய்ச்சியாளர்களுக்கு உண்டு.

உண்மையில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புழு இல்லை. மலக்குடலிலிருந்து சுவரைத் துளைத்துப் புறப்படும் ஒவ்வொரு குஞ்சும் தன் உடம்பில் அங்கிருக்கும் பாக்டீரியாவை ஒட்டிக்கொண்டு போகிறது. லட்சக்கணக்கான ஊசிகளைச் சாக்கடையில் தோய்த்து ரத்தத்தில் குத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழிலாளியின் ரத்தத்தில் ஈ-கோலை வளர்ந்தது அப்படித்தான். சிலருக்கு மூளைக்காய்ச்சல் வரும். இந்த நிலைக்கு வந்த பிறகு சிகிச்சை கொடுத்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பதில்லை.

இதில் இன்னொரு கண்ணாமூச்சி. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஈசினோபிலைத் தேடினால் கிடைக்காது. ஸ்டீராய்டு அதைத் துடைத்திருக்கும். எங்கள் தொழிலாளிக்கு அட்மிஷன் அன்று பூஜ்ஜியம். 'ஈசினோபில் இல்லை, அதனால் பூச்சி இல்லை' என்று நினைக்கவைக்கும் பூஜ்ஜியம். தேட வேண்டிய நேரம் ஸ்டீராய்டுக்கு முன்னால்தான்.

மறுபடி மாமாவிடம் வருகிறேன். அன்று ராத்திரி அவரிடம் கேட்டேன்.

"மாமா, உங்களுக்கு இடுப்புப் பக்கம் எப்பவாவது கோடு மாதிரி தடிச்சு அரிக்குமா?"

"அதுவா... காணாக்கடிம்மா அது. நடவு காலத்துலேருந்தே இருக்கே. ஏதோ ஊர்ந்த மாதிரி இருக்கும், வேட்டியை உதறிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது."

அத்தை குறுக்கே புகுந்தார். "நான்தானே அருகம்புல்லும் மஞ்சளும் அரைச்சுப் போடுவேன். மறுநாளே காணாமப் போயிடும்."

மறுநாள் அது தானாகவே போயிருக்கும் என்பதை அத்தையிடம் நான் சொல்லவில்லை. டெல்டாவில் அறுபது வருஷம் சேற்றில் கால் வைத்தவர் மாமா. எழுபது வயதுவரை வாய்க்கால் கரைதான் கழிப்பறை. இந்தப் புழு கேட்கும் எல்லாமே அவரிடம் இருந்தது.

என் கணவருக்குக் கோபம். "கொப்புளம் வெடிச்சு அப்பா படுற பாடு தெரியலையா? டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடப் போகுது?" நியாயமான கேள்விதான். மறுநாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இந்தக் கொப்புள நோய்லயே ஈசினோபில் ஏறும்மா" என்றார் அவர். அதுவும் உண்மை.

"தெரியும் சார். ஆனா, இவருக்கு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஹெர்னியா ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தத்துலயும் 12 இருந்திருக்கு. அப்போ கொப்புளம் இல்லை" என்று பழைய தாளை நீட்டினேன். காணாக்கடி கதையையும் சொன்னேன்.

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த மௌனத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு, "மலத்துல பார்த்தீங்களா?" என்றார். பார்த்திருந்தோம், வெளியில் ஒரு லேபில். 'முட்டை, புழு எதுவும் இல்லை' என்று வந்திருந்தது. ஆனால், இந்தப் புழுவுக்கு அந்த ரிப்போர்ட்டை நம்ப முடியாது. முட்டை வெளியே வராது. குஞ்சும் தினமும் வராது, வந்தாலும் கொஞ்சமாகத்தான் வரும். ஒருமுறை மட்டும் பார்த்தால், இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தவறவிட்டுவிடுவோம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் எலிசா பரிசோதனை இதைவிட நல்லது. எங்கள் ஊரிலிருந்து அனுப்பினால் முடிவு வர நாளாகும்.

"அதுவரைக்கும் இவரைக் காக்கவைக்க முடியாது" என்ற டாக்டர், தானே ஒரு வழி சொன்னார். எலிசாவுக்கு ரத்தம் அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் ஐவர்மெக்டின் கொடுத்துவிடுவது. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். மாமா எடை 58 கிலோ. கணக்குப் போட்டால் 11.6 மில்லிகிராம். 12 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, வெறும் வயிற்றில், அடுத்தடுத்த இரண்டு நாள். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதேபோல் இரண்டு நாள். முதல் முறை போடும்போது நுரையீரல் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் தப்பித்துக் குடலுக்கு வந்து வளர்ந்தால், இரண்டாவது சுற்றில் அகப்படும் என்பது கணக்கு. மூன்றாம் நாள் ஸ்டீராய்டு ஆரம்பம். அதுவரை கொப்புளத்துக்குக் களிம்பு.

இப்போது யோசித்தால், நான் பயந்ததுபோல் பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. பழைய தாள் ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்த என் மாமியாருக்குத்தான் பாதி நன்றி.

மாத்திரை போடுவதற்கு முன் மாமாவிடம் ஒரு டப்பாவைக் கொடுத்தேன். மருமகளிடம் மலத்தைக் கொடுப்பதா என்று அவர் பட்ட வெட்கம் இருக்கிறதே! எங்கள் மேடத்தின் அனுமதியோடு அதை அகர் தட்டில் வைத்தேன். கண்ணாடி வட்டத் தட்டில் ஜெல்லி மாதிரி உறைந்திருக்கும் சத்துப் பொருள்தான் அகர். நடுவில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மலத்தை வைத்து, மூடி, ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டிவிட வேண்டும். டேப் முக்கியம். உள்ளே வளர்வது கையைத் துளைக்கத் தெரிந்த ஜீவன். பிறகு சாதாரண அறை வெப்பத்தில் இரண்டு, மூன்று நாள் விட்டுவிட வேண்டும். உயிருள்ள குஞ்சு இருந்தால், இரை தேடி ஜெல்லியின் மேல் ஊர்ந்து போகும். போகிற வழியெல்லாம் பாக்டீரியாவை இழுத்துச் செல்லும். அந்த பாக்டீரியா வழிநெடுகப் புள்ளி புள்ளியாக வளரும். புழு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது போன பாதை தெரியும்.

இரண்டாம் நாள் தட்டில் ஒன்றுமில்லை. 'தேவையில்லாமல் வீட்டைக் கலவரப்படுத்திவிட்டோமோ' என்று தோன்றியது. மூன்றாம் நாள் காலை தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுவிலிருந்து ஓரம்வரை, இழைக்கோலம் போடத் தெரியாத குழந்தை இழுத்த மாதிரி, வளைந்து வளைந்து புள்ளிக் கோடுகள். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கோட்டின் முனையில் அது நெளிந்துகொண்டிருந்தது.

அந்தக் கூலித் தொழிலாளியின் சளியில் பார்த்த அதே அசைவு. அன்று அது நூற்றுக்கணக்கில் இருந்தது. இன்று தட்டு முழுக்கத் தேடியும் நான்கைந்துதான். மாமா அன்று காலைதான் முதல் பிரெட்னிசலோனை விழுங்கியிருந்தார். அதற்கு முன் இரண்டு நாள் ஐவர்மெக்டின் உள்ளே போயிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் டாக்டருக்குப் போன் செய்தேன். "நல்ல வேளை" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "அந்தத் தட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா, என் ஸ்டூடன்ட்ஸுக்குக் காட்டணும்" என்றார். எலிசாவும் பத்து நாள் கழித்து பாசிட்டிவ் என்றே வந்தது.

இரண்டு வாரத்தில் இரண்டாவது சுற்று மாத்திரை. அதன் பிறகு மாதம் ஒருமுறை என மூன்று முறை தட்டு வைத்துப் பார்த்தேன். பாதை எதுவும் இல்லை. ஈசினோபில் குறைந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்டீராய்டே அதைக் குறைத்துவிடும் என்பதால், புழு போனதற்கு அது சாட்சி ஆகாது.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு, நாளையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பல வாரம் சாப்பிட்ட ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்து. ஐவர்மெக்டினையும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் விஷயமில்லை. டாக்டரிடம் 'வயல் வேலை செய்தவன், பழைய ரிப்போர்ட்டில் ஈசினோபில் அதிகம், இடுப்பில் கோடு மாதிரி அரிக்கும்' என்ற மூன்றையும் சொல்லுங்கள். எங்கள் தொழிலாளியிடம் இதை யாரும் கேட்கவில்லை. அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

மாமாவுக்குக் கொப்புளங்கள் கார்த்திகைக்குள் ஆறிவிட்டன. ஸ்டீராய்டை டாக்டர் படிப்படியாகக் குறைத்து, இப்போது 5 மில்லிகிராமில் நிற்கிறது. பொங்கலன்று திண்ணையில் உட்கார்ந்து, "அந்தக் காணாக்கடி வரவே இல்லையே, கவனிச்சியாம்மா?" என்றார்.

அத்தை கரும்பை வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "எனக்கும் அது வரும். நாற்று பறிக்கப் போன காலத்துலேருந்து வருது. பொம்பளை, எந்த இடத்துல அரிக்குதுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்றார்.

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள், இன்னொரு டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.